ஒரே மணம், இரு விலை: வெனிலாக் காயும் வெனிலினும்

செஞ்சி, சிங்கவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெனிலா என்றால் ஐஸ்கிரீம். பல கடைப் பலகைகளில் 'வெண்ணிலா' என்று எழுதியிருப்பதால், நிலவைப் போல வெள்ளையாக இருப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று எண்ணும் மாணவர்களும் உண்டு. உண்மையில் 'வெனிலா' என்பது 'சிறு காய்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. அது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். பதப்படுத்திய பின் கருப்பாக, முருங்கைப் பிஞ்சு வாடியதைப் போல இருக்கும்.

நம் ஊர்க் கடையில் ஒரு சிறு வெனிலா எசன்ஸ் பாட்டில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. நகரத்துப் பெரிய கடைகளில் இரண்டே இரண்டு வெனிலாக் காய் அடைத்த கண்ணாடிக் குழாயின் விலை சில நூறு ரூபாய். இரண்டிலும் முதன்மையான மணப்பொருள் ஒன்றுதான். அதன் பெயர் வெனிலின். மூலக்கூறு ஒன்றாக இருக்கும்போது விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தாவரவியல், வேதியியல், கணக்கு, பொருளியல் நான்கையும் ஒரே பாடத்தில் தொடலாம்.

பச்சைக் காயில் மணம் இல்லை

வெனிலாவின் தாயகம் மெக்சிகோ. அங்கிருந்து கொடியை மற்ற வெப்ப நாடுகளுக்குக் கொண்டு சென்றவர்கள் நெடுங்காலம் பூவை மட்டுமே பார்த்தார்கள்; காயைப் பார்க்கவில்லை. பூவில் மகரந்தப் பைக்கும் சூலகமுடிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று தடுப்பாக நிற்பதே காரணம். அதை விலக்கி மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சிகள் மற்ற நாடுகளில் இல்லை. 1841ஆம் ஆண்டு, அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ரீயூனியன் தீவில், எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் இதற்கு வழி கண்டான். ஒரு சிறு குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடியில் ஒற்றினான். மெக்சிகோவுக்கு வெளியே இன்றும் ஏறக்குறைய எல்லா வெனிலாவும் அந்தச் சிறுவன் கண்ட முறையில்தான் காய்க்கிறது.

இந்த வேலைக்குக் காலக்கெடு உண்டு. பூ ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். காலையில் விரிந்த பூவுக்கு நண்பகலுக்குள் மகரந்தம் சேர்க்காவிட்டால் அது வாடி உதிர்ந்துவிடும். கொத்தில் உள்ள பூக்கள் ஒரே நாளில் மலர்வதும் இல்லை. ஆகவே பூக்கும் பருவம் முழுவதும் தினமும் காலையில் ஒவ்வொரு கொடியையும் பார்த்தாக வேண்டும். நன்கு பழகியவர் ஒரு நாளில் ஆயிரம் பூக்கள் வரை முடிப்பார். காய் முற்ற ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும்.

இத்தனைக்குப் பிறகு பறிக்கும் பச்சைக் காயை முகர்ந்தால் வெனிலா மணம் வருவதில்லை. காய்க்குள் வெனிலின் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து 'குளுக்கோவெனிலின்' என்ற மணமற்ற சேர்மமாக இருக்கிறது. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதியும் அதே காயில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு இடங்களில் அடைபட்டுள்ளன. அவற்றைச் சந்திக்க வைப்பதே பதப்படுத்தல்.

முதலில் காய்களை ஏறக்குறைய 65 °C வெந்நீரில் சுமார் மூன்று நிமிடம் அமிழ்த்துவார்கள். செல்கள் உடைந்து காயின் வளர்ச்சி நிற்கும். நீர் கொதித்துவிட்டால் நொதியும் அழிந்துபோகும். பிறகு என்ன செய்தாலும் முழு மணம் வராது. நீர் போதிய சூடு ஏறாவிட்டால் காய் தொடர்ந்து முற்றி, நுனியில் வெடிக்கும். அடுத்து, சூடான காய்களைக் கம்பளியில் சுற்றிப் பெட்டியில் ஓரிரு நாள் வைப்பார்கள். காய் வியர்த்துப் பழுப்பு நிறமாகும். நொதி இந்தக் கட்டத்தில்தான் மும்முரமாக வேலை செய்கிறது:

C₁₄H₁₈O₈ + H₂O → C₈H₈O₃ + C₆H₁₂O₆

குளுக்கோவெனிலினும் நீரும் சேர்ந்து வெனிலினும் குளுக்கோஸும் கிடைக்கின்றன. பிறகு ஓரிரு வாரம் தினமும் சில மணி நேரம் வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் மீண்டும் கம்பளியில் சுற்றுவார்கள். அதன்பின் நிழலில் உலர்த்தல். கடைசியாக மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம் முதிரவிடுவார்கள். ஈரம் கூடுதலாக இருக்கும் ஒரு காயைக் கவனிக்காமல் விட்டால் பெட்டி முழுவதும் பூஞ்சை பரவிவிடும். அதனால் ஒவ்வொரு காயையும் பலமுறை கையில் எடுத்துப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிலோவின் கணக்கு

இனி விலைக்கு வருவோம். ஒரு கிலோ பதப்படுத்திய காய்க்கு ஏறக்குறைய ஆறு கிலோ பச்சைக் காய் வேண்டும். கிலோவுக்கு 60 பச்சைக் காய் என்று கொண்டால் 360 காய்கள். அதாவது கையால் தொடப்பட்ட 360 பூக்கள்.

நன்கு பதப்படுத்திய காயில் வெனிலின் சுமார் 2 விழுக்காடு. எனவே ஒரு கிலோ காயில் உள்ள வெனிலின் 20 கிராம். ஆலையில் தயாராகும் வெனிலின் கிலோ 1,200 ரூபாய் என்று நம் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த 20 கிராமின் மதிப்பு 24 ரூபாய். காயின் விலை தரத்துக்கும் ஆண்டுக்கும் ஏற்பப் பெரிதும் மாறும். கணக்குக்காகக் கிலோ 20,000 ரூபாய் என்று கொள்வோம். அப்படியானால் 20,000 ரூபாய்ப் பொருளில் வெனிலினின் பங்கு வெறும் 24 ரூபாய்.

திருப்பியும் போடலாம். காயிலிருந்து மட்டும் ஒரு கிலோ வெனிலின் எடுக்க வேண்டுமானால் 50 கிலோ காய் தேவை. அதற்கு 18,000 பூக்கள், 10 லட்சம் ரூபாய். அதே ஒரு கிலோ ஆலையில் 1,200 ரூபாய். எண்ணூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு.

அப்படியானால் காயை வாங்குபவர் மீதி 19,976 ரூபாயை எதற்குக் கொடுக்கிறார்? முதல் பூவுக்காக மூன்றாண்டு காத்திருந்ததற்கு, பூவைத் தொட்ட விரலுக்கு, பல மாதப் பதப்படுத்தலுக்கு, புயலுக்கும் திருட்டுக்கும் அஞ்சிய இடர்ப்பாட்டுக்கு, இவற்றோடு வெனிலின் அல்லாத மற்ற மணங்களுக்கு. மூலக்கூறுக்கான விலை அதில் மிகச் சிறு பகுதி.

ஆலைக்கு வந்த வெனிலின்

1858இல் பிரெஞ்சு வேதியியலாளர் கோப்ளே காயிலிருந்து வெனிலினைத் தூய நிலையில் பிரித்தார். 1874இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் இருவரும் ஊசியிலை மரங்களில் உள்ள கோனிஃபெரின் என்ற பொருளிலிருந்து அதைத் தயாரித்துக் காட்டினார்கள். பிறகு கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலிலிருந்து செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் காகித ஆலைக் கழிவில் உள்ள லிக்னின் மூலப்பொருளானது. நார்வேயில் ஓர் ஆலை இன்றும் மரத்திலிருந்தே தயாரிக்கிறது. இப்போது பெரும்பங்கு வருவது பெட்ரோலிய வழியில் கிடைக்கும் குவையகால் என்ற பீனால் வகைச் சேர்மத்திலிருந்து. உலகில் பயன்படும் வெனிலினில் நூற்றில் ஒரு பங்குகூடக் காயிலிருந்து கிடைப்பதில்லை.

நெல் விளையும் நம் பகுதிக்கு நெருக்கமான ஒரு வழியும் உண்டு. தவிட்டு எண்ணெய்த் தயாரிப்பில் கிடைக்கும் ஃபெரூலிக் அமிலத்தை நுண்ணுயிரிகளைக் கொண்டு வெனிலினாக மாற்றுகிறார்கள். மூலப்பொருளும் முறையும் இயற்கையானவை என்பதால் இது பெட்ரோலிய வெனிலினைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. மூலக்கூறு அதே C₈H₈O₃. பிறப்பிடத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

மாணவர்களிடம் இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நல்லது. காயில் உள்ள வெனிலினும் ஆலை வெனிலினும் ஒரே சேர்மம்: 4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. உருகுநிலையும் அமைப்பும் ஒன்றே. 'ஆலையில் செய்தது என்பதால் நஞ்சு' என்று சொல்வது வேதியியல் ஆகாது. ஆனால் 'ஆகவே காயும் எசன்ஸும் ஒன்றே' என்பதும் சரியன்று. இதற்கு வெல்லத்தையும் வெள்ளைச் சர்க்கரையையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இரண்டிலும் இனிப்பது சுக்ரோஸ்தான். ஆனால் வெல்லத்தில் அதோடு வேறு பலவும் இருப்பதால்தான் சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் வேண்டும் என்கிறோம். வெனிலின் சர்க்கரையைப் போன்றது; காய் வெல்லத்தைப் போன்றது. காயில் வெனிலினோடு இருநூறுக்கும் மேற்பட்ட மணச் சேர்மங்கள் சிறு சிறு அளவில் உள்ளன. லேசான புகை, உலர்ந்த பழம், மரம், பூ என்று அடுத்தடுத்துத் தோன்றும் சாயல்கள் அவற்றால் வருபவை.

சமையலில் எங்கே வேறுபாடு தெரியும்?

எல்லா உணவிலும் இந்த வேறுபாடு தெரிவதில்லை. பிஸ்கட், கேக் போன்று அடுப்பில் வேகும் பண்டங்களில் எளிதில் ஆவியாகும் சிறு மணங்கள் நீராவியோடு போய்விடுகின்றன. வெனிலினின் கொதிநிலை 285 °C. அதனால் அது பெருமளவு தங்குகிறது. வெண்ணெய், மாவு கருகும் மணமும் மேலே ஏறிக்கொள்கிறது. ஆகவே வெந்த பிஸ்கட்டில் காயா, எசன்ஸா என்று கண்டுபிடிப்பது பழகிய நாக்குக்கும் கடினம். அங்கே விலையுயர்ந்த காயைப் போடுவதில் பெரிய பயன் இல்லை.

குளிர்ந்த பால், கஸ்டர்டு, ஐஸ்கிரீம், பால் பாயசம் போன்றவற்றில் நிலைமை வேறு. அதிகச் சூடு இல்லை. பாலின் கொழுப்பு சிறு மணங்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. காயின் பல அடுக்கு மணம் இங்கே தெரியும்.

பயன்படுத்தும் முறையும் வேறு. காயை நெடுக்காகக் கீறி, உள்ளிருக்கும் சிறு விதைகளை வழித்து, தோலையும் சேர்த்து இளஞ்சூடான பாலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும்; மணம் மெதுவாகத்தான் இறங்கும். எசன்ஸை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்க்க வேண்டும். சில துளி கூடினால் மணம் ஏறுவதற்குப் பதிலாகக் கசப்பு தட்டும்.

விலை ஏறி இறங்கிய கதை

இந்த விலை வேறுபாடு தென்னிந்திய விவசாயிகள் பலரின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டிருக்கிறது. வெனிலா நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குற்றாலத்துத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டது. ஆனால் வணிகப் பயிராகப் பரவியது 1990களுக்குப் பிறகுதான். நிழலும் ஈரக்காற்றும் நல்ல மழையும் வேண்டும் பயிர் என்பதால் செஞ்சியின் பாறைச் சூட்டில் அது வராது. கேரளத்தின் இடுக்கி, வயநாடு, கர்நாடகத்தின் மலைநாடு, தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, நீலகிரி போன்ற இடங்களில் காப்பி, பாக்கு, தென்னை நிழலில் கொடியேற்றினார்கள்.

உலக வெனிலாவில் பெரும்பங்கு மடகாஸ்கர் தீவின் வடகிழக்குப் பகுதியில் விளைகிறது. 2000 ஏப்ரலில் ஹூடா என்ற புயல் அங்கே அடித்தது. கொடிகள் அழிந்தன, புதுக் கொடி பூக்க மூன்றாண்டு ஆகும் என்பதால் பற்றாக்குறை உடனே தீரவில்லை. பதப்படுத்திய காயின் உலகச் சந்தை விலை 2003 வாக்கில் கிலோ 400 டாலரைத் தாண்டியது. கேரளத்தில் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாய்க்கு மேல் போனது. தோட்டங்களுக்கு இரவுக் காவல் போட்டார்கள். காயைவிடக் கொடித் துண்டை விற்பதே நல்ல தொழில் என்ற நிலையும் வந்தது.

2003இல் 300 கொடி நட்ட ஒரு விவசாயியைக் கற்பனை செய்வோம். கொடிக்கு ஒரு கிலோ பச்சைக் காய் என்றால் 300 கிலோ. அன்றைய விலையில் 9 லட்சம் ரூபாய். அவர் நட்டது இந்தக் கணக்கை நம்பித்தான். ஆனால் அவர் கொடி பூப்பது 2006இல். அதற்குள் இரண்டு மாற்றங்கள் நடந்துவிட்டன. 2000க்குப் பின் மடகாஸ்கரிலும் இந்தோனேசியாவிலும் உகாண்டாவிலும் இந்தியாவிலும் நட்ட கொடிகளெல்லாம் ஒரே காலத்தில் காய்த்தன. காயின் விலை தாங்காமல் ஐஸ்கிரீம், பிஸ்கட் தயாரிப்பாளர்கள் பலர் அதற்கு முன்பே வெனிலினுக்கு மாறியிருந்தார்கள். மாறியவர்கள் எளிதில் திரும்பவில்லை. உலக விலை 50 டாலருக்கும் கீழே சரிந்தது. இங்கே பச்சைக் காய் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. நம் விவசாயியின் 9 லட்சம் இப்போது 30,000 கூடத் தேறாது. 18,000 பூக்களுக்கு மகரந்தம் சேர்த்த கூலியும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

முதலில் நட்டவர்கள் லாபம் பார்த்தார்கள். கடைசியில் நட்டவர்கள் கடனில் நின்றார்கள். பலர் பூவை அப்படியே உதிரவிட்டார்கள். பராமரிப்பு இல்லாத கொடிகளை அழுகல் நோய் தாக்கியது. பிறகு பெரிய உணவு நிறுவனங்கள் சில இயற்கை மணத்துக்குத் திரும்புவதாக 2015 வாக்கில் அறிவிக்க, 2017 மார்ச்சில் இனாவோ புயல் மடகாஸ்கரைத் தாக்க, விலை மறுபடி 600 டாலரை ஒட்டி ஏறியது. அப்போது நம் மலைத்தோட்டங்களில் விற்பதற்குக் காய் அதிகம் இல்லை.

வெனிலின் விலை இப்படி ஆடுவதில்லை. ஆலை உற்பத்தியை மாதக் கணக்கில் கூட்டவோ குறைக்கவோ முடியும்; கொடியில் அதற்கு மூன்றாண்டு வேண்டும். தேவைக்கும் அளிப்புக்கும் இடையிலான இந்தக் காலத் தாமதம்தான் விலை ஊசலாட்டத்தின் வேர்.

எது காய், எது எசன்ஸ் என்று எப்படி அறிவது?

நிறம், கரும்புள்ளி இரண்டையும் நம்ப முடியாது. எசன்ஸுக்குப் பழுப்பு நிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்தும் வரலாம். மணத்தை முழுவதும் எடுத்துவிட்ட காயின் விதைகளை ஐஸ்கிரீமில் தூவுவதும் உண்டு. உறையில் உள்ள சிறு எழுத்துகளைப் படிக்கப் பழக்குவதே முதல் வழி. சேர்க்கப்பட்ட மணப்பொருள் 'நேச்சுரல்', 'நேச்சர் ஐடென்டிகல்', 'ஆர்டிஃபிசியல்' ஆகியவற்றில் எந்த வகை என்பதை நம் நாட்டு உறைகளில் காணலாம். ஆலை வெனிலின் இயற்கையில் உள்ள மூலக்கூறே என்பதால் இரண்டாம் வகை. அதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வீரியமுள்ள எத்தில் வெனிலின் இயற்கையில் கிடைக்காதது. அது மூன்றாம் வகை.

பள்ளி ஆய்வகத்தில் வெனிலினுக்கு பீனால் சோதனையும் ஆல்டிஹைடு சோதனையும் செய்யலாம். ஃபெரிக் குளோரைடு கரைசலில் நீலச் சாயல் தோன்றும். 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீனுடன் ஆரஞ்சு வீழ்படிவு வரும். ஆனால் இந்தச் சோதனைகள் வெனிலின் எங்கிருந்து வந்தது என்று சொல்லா. வினைபுரிவது ஒரே வினைத்தொகுதி என்பதால் பிறப்பிடம் அதில் தெரியாது.

பிறப்பிடத்தைக் காட்டுவது கார்பனின் ஐசோடோப்புகள். வெனிலாக் கொடி, கள்ளியையும் அன்னாசியையும் போல, இரவில் கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமிக்கும் வகை. அவ்வகைத் தாவரங்களில் கார்பன்-13இன் பங்கு மரங்களிலும் பெட்ரோலியத்திலும் இருப்பதைவிடச் சற்றே கூடுதல். நிறை நிரல்மானியில் அளந்தால் இது தெரிந்துவிடும். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் வரும் ஒரு நுணுக்கம் உலக வணிகத்தில் கலப்படத்தைப் பிடிக்கும் கருவியாகிறது.

வகுப்பறையில் ஒரு சோதனை

வேறுபாட்டை மாணவர்களே அறிய முக்கோணச் சோதனை ஏற்றது. ஒரு காயை 250 மில்லி இளஞ்சூடான பாலில் ஊறவைத்து வடிகட்டி ஆறவிடவும். இன்னொரு 250 மில்லி பாலை அதே அளவு சூடாக்கி, இறக்கியபின் எசன்ஸ் சில துளி சேர்த்து ஆறவிடவும். மணத்தின் வலு ஒன்றுபோல் இருக்கும்படி வலு கூடியதில் வெறும் பாலைக் கலந்து சரிசெய்யவும். மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரே பால், ஒன்றில் மற்றது. மாணவர் கண்ணை மூடி முகர்ந்து, வேறானது எது என்று சொல்ல வேண்டும். முகர்ந்தால் போதும், குடிக்க வேண்டாம். கிண்ணங்களின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றிவையுங்கள்.

முடிவைப் படிப்பதில்தான் கணக்கு வருகிறது. எதுவும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னாலே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்வார். 30 பேரில் 10 பேர் சரி என்றால் வேறுபாடு தெரிந்ததாகக் கொள்ள முடியாது. 15 பேராவது சரியாகச் சொன்னால்தான், அது தற்செயல் அல்ல என்று ஓரளவு உறுதியாகக் கூறலாம். அடுத்த நாள் அதே சோதனையை இருவகை பிஸ்கட்டில் செய்தால் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்கலாம்.

கீழ் வகுப்புகளில் மகரந்தச்சேர்க்கையும் விழுக்காட்டுக் கணக்கும் போதும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் நொதி வினையையும் உறையைப் படிப்பதையும் சேர்க்கலாம். மேல்நிலை வகுப்பில் வினைத்தொகுதிச் சோதனைகளும், அந்த 300 கொடி விவசாயியின் கணக்கும் ஏற்றவை. நடும் ஆண்டை 2000, 2001, 2002 என்று மாற்றிப் போட்டு, யார் தப்பினார், யார் தப்பவில்லை என்று குழுக்களாகப் பிரிந்து கண்டறியச் சொல்லுங்கள்.